படத்தில் 60 மில்லிமீட்டர், கையில் 54

கேள்வி: "என் கை கொஞ்சம் ஒல்லி. மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன். ஒன்று, மேசையில் கையை வைத்து, பக்கத்தில் ஏடிஎம் கார்டையும் வைத்து மேலிருந்து எடுத்தது. இன்னொன்று, பக்கவாட்டில் முன்கை தெரிய எடுத்தது. மூன்றாவது, நண்பனின் 40 மி.மீ. வாட்ச்சைக் கட்டிக்கொண்டு எடுத்தது. கார்டை வைத்துக் கணக்குப் போட்டால் மணிக்கட்டின் அகலம் 60 மி.மீ. வருகிறது. ஆனால் நண்பனின் வாட்ச் என் கையில் தட்டு மாதிரி தெரிகிறது. 42 மி.மீ. வாட்ச் ஒன்றும் 38 மி.மீ. ஒன்றும் மனதில் இருக்கின்றன. எது பொருந்தும்? செயின் போடவா, லெதர் ஸ்ட்ராப் போடவா?"

38 வாங்குங்கள். ஸ்ட்ராப் லெதரோ மெல்லிய ரப்பரோ இருக்கட்டும், ஆனால் குட்டை அளவில். முடிவு இதுதான். இதில் எந்தப் பகுதியை உறுதியாகச் சொல்கிறேன், எதை ஊகித்துச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். வாட்ச் பழுது பார்க்கும் மேசையில் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். ஸ்ட்ராப் மாற்ற வருகிறவர்களின் கையைப் பார்ப்பது அன்றாட வேலை. படத்தைப் பார்த்துச் சொல்லப் பழகியது பின்னால்தான், அதுவும் சிலரைத் தவறாக வழிநடத்திய பிறகு.

உங்கள் 60 மி.மீ. கணக்கும், நண்பனின் வாட்ச் தட்டு மாதிரி தெரிந்ததும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். கை அவ்வளவு அகலம் என்றால் 40 மி.மீ. வாட்ச் ஏன் அப்படித் தெரிய வேண்டும்? இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். இரண்டு படத்திலும் போன் கைக்கு மிக அருகில் இருந்திருக்கிறது. கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் எடுக்கும் படத்தில் மூன்று சென்டிமீட்டர் உயர வித்தியாசம்கூட பத்தில் ஒரு பங்கு பிழையைக் கொண்டுவந்துவிடும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

முதல் படத்தை எடுத்துக்கொள்வோம். கார்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள், நல்ல பழக்கம். கார்டின் நீளம் 85.6 மி.மீ.; இந்த வகைக் கார்டு எல்லாவற்றுக்கும் அதே அளவுதான், அதனால் அளவுகோலாக நம்பலாம். படத்தில் கார்டு 800 பிக்சல், மணிக்கட்டு 560 பிக்சல். 560-ஐ 800-ஆல் வகுத்து 85.6-ஆல் பெருக்கினால் 60 வருகிறது. கணக்கு சரி. ஆனால் கார்டு மேசையில் படுத்திருக்கிறது, மணிக்கட்டோ மேசையிலிருந்து எழும்பி நிற்கிறது. மேலிருந்து பார்க்கும்போது நாம் காணும் ஓரங்கள் கையின் பாதி உயரத்தில், அதாவது மேசைக்கு ஏறக்குறைய 3 செ.மீ. மேலே இருக்கின்றன. கை கேமராவுக்கு நெருங்கியிருப்பதால் உண்மையைவிட அகலமாகப் பதிந்திருக்கிறது.

எவ்வளவு அகலமாக என்று சொல்ல, போன் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று தெரிய வேண்டும். அதையும் படத்திலிருந்தே எடுக்கலாம். படத்தின் நீளப் பக்கம் 4000 பிக்சல். கார்டு 800 பிக்சல் என்றால், நீளப் பக்கம் ஐந்து கார்டு நீளம், அதாவது மேசையில் 43 செ.மீ. சாதாரணப் போனின் முதன்மைக் கேமராவில் 4:3 படம் எடுத்தால், அதன் நீளப் பக்கம் தூரத்தைப்போல ஏறக்குறைய 1.3 முதல் 1.4 மடங்கு இடத்தை அடக்கும். ஆக, போன் மேசையிலிருந்து 31 அல்லது 32 செ.மீ. உயரத்தில் இருந்திருக்கிறது. 32 என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் கையின் ஓரம் 29 செ.மீ. தூரத்தில். 60-ஐ 29/32-ஆல் பெருக்கினால் 54 மி.மீ. கையின் உயரத்தை நான் கொஞ்சம் தப்பாக மதிப்பிட்டிருந்தாலும் 53-க்கும் 56-க்கும் நடுவில்தான் நிற்கும். 60 ஆக வாய்ப்பே இல்லை.

இந்த ஆறு மில்லிமீட்டரில்தான் உங்கள் கேள்வி முழுவதும் இருக்கிறது. ஏனென்றால் வாட்ச் கையில் உட்காருமா என்பதை முடிவு செய்வது 38, 42 என்று பெட்டியில் எழுதியிருக்கும் விட்டம் அல்ல. ஸ்ட்ராப் மாட்டுவதற்காகக் கேஸின் மேலும் கீழும் இரண்டிரண்டாக நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளை லக் என்பார்கள். மேல் லக் நுனியிலிருந்து கீழ் லக் நுனி வரை உள்ள நீளம்தான் கையின் குறுக்கே படுக்கிறது. அந்த நீளம் கையின் மேல்பக்கத்தில் தட்டையாக இருக்கும் பகுதிக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் லக் நுனி கையின் வளைவைத் தாண்டி அந்தரத்தில் நிற்கும், ஸ்ட்ராப் கையோடு ஒட்டாமல் நேராகக் கீழே தொங்கும், சட்டைக் கையும் அதில் மாட்டும்.

தட்டைப் பகுதி என்பது முழு அகலம் அல்ல என்பதையும் கவனியுங்கள். இரண்டு ஓரத்திலும் கை வளைந்து இறங்குகிறது. உங்கள் முதல் படத்தில் ஓரங்களில் நிழல் விழத் தொடங்கும் இடத்தைப் பார்த்தால், ஒவ்வொரு பக்கமும் 3 முதல் 4 மி.மீ. வளைவுக்குப் போய்விடும் என்று தெரிகிறது. 54-இல் அதைக் கழித்தால் 46 முதல் 48. நீங்கள் அனுப்பிய விவரப்படி 42 மி.மீ. வாட்ச்சின் லக் நீளம் 50, 38-இன் லக் நீளம் 46. உங்கள் கணக்குப்படி 60 மி.மீ. கையாக இருந்தால் 50 தாராளமாகப் படுக்கும். 54 மி.மீ. கையில் ஒவ்வொரு பக்கமும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே தொங்கும். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் வாட்ச் கையில் உட்காருவதற்கும் கைமேல் வைத்தது மாதிரி நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

இதே காரணத்தால்தான் 42 மி.மீ. வாட்ச்சே கூடாது என்று யாருக்கும் நான் சொல்வதில்லை. லக் குட்டையாகவும் கீழ்நோக்கி வளைந்தும் இருந்தால் 42 விட்டமுள்ள வாட்ச்சும் 47-இல் அடங்கும். லக் நீண்டு, நேராக இருந்தால் 39 விட்டமே 49 வரை போகும். கடையில் விட்டத்தை மட்டும் சொன்னால், லக் நுனியிலிருந்து நுனி வரை எவ்வளவு என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாவிட்டால் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்துவிடலாம்.

இப்போது நண்பனின் வாட்ச் படம். அதில் தட்டு மாதிரி தெரிவதற்கும் தூரம்தான் காரணம், ஆனால் இந்த முறை பிழை எதிர்ப்பக்கம். கையை மடக்கி, முகத்துக்கு முன்னால் வைத்து, போனை 20 செ.மீ. தூரத்தில் பிடித்து எடுத்திருக்கிறீர்கள். டயல் கேமராவுக்கு 20 செ.மீ. தூரத்தில் என்றால், கையின் ஓரங்கள் வாட்ச்சின் உயரமும் கையின் பாதிக் கனமும் சேர்ந்து 3 செ.மீ. பின்னால், 23 செ.மீ. தூரத்தில் இருக்கின்றன. கையோடு ஒப்பிட வாட்ச் 23/20 மடங்கு பெரிதாகிறது. அதாவது 40 மி.மீ. வாட்ச் 46 மாதிரி தெரிகிறது. இதையே ஒரு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் 41 மாதிரிதான் தெரியும். எதிரில் இருப்பவர் உங்கள் கையைப் பார்ப்பது அந்தத் தூரத்திலிருந்துதான். இணையத்தில் வரும் 'கையில் கட்டிய' படங்களைப் பார்த்துப் பயந்துபோய்ச் சின்ன வாட்ச் வாங்கியவர்களும், அதைப் பார்த்தே இதுதான் பாணி என்று நினைத்துப் பெரிதாக வாங்கியவர்களும் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள்.

ஆகவே இன்னொரு படம் எடுங்கள். யாரையாவது ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, போனில் 2 அல்லது 3 மடங்கு ஜூம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் நிலைக்கண்ணாடி முன் நின்று கையை இயல்பாகத் தொங்கவிட்டு எடுக்கலாம். 0.5 என்று காட்டும் அகலக் கேமராவை மட்டும் தொடவே தொடாதீர்கள், அது ஓரத்தில் இருப்பதை இழுத்துவிடும். முன்பு ஒருவருக்கு அப்படி ஓரத்தில் வந்த கையைப் பார்த்துத்தான் 44 மி.மீ. சொல்லிவிட்டேன். நேரில் வந்தபோது லக் இரண்டு பக்கமும் வெளியே நின்றது, நான்தான் அசடு வழிந்தேன்.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கனமான அட்டையில் 42 மி.மீ. வட்டம் வரைந்து, மேலும் கீழும் லக் சேர்த்து மொத்தம் 50 மி.மீ. வரும்படி வெட்டுங்கள். இன்னொன்றை 38-க்கு 46 என்று வெட்டுங்கள். கையில் வைத்து, மணிக்கட்டை மேலும் கீழும் மடக்கிப் பாருங்கள். அட்டையின் நுனிக்கும் தோலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அந்த வாட்ச் உங்களுக்கு நீளம். கனம் மட்டும் இந்தச் சோதனையில் வராது. உங்கள் 42 மி.மீ. வாட்ச் 13 மி.மீ.க்கு மேல் உயரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒல்லிக் கையில் அது விட்டத்தைவிட அதிகமாகக் கண்ணில் படும்.

சரி, ஸ்ட்ராப்புக்கு வருவோம். இங்கே உங்கள் இரண்டாவது படம், அதாவது முன்கைப் படம், உதவுகிறது. ஆனால் அதில் கார்டு இல்லாததால் மில்லிமீட்டரில் எதையும் சொல்ல மாட்டேன். வடிவத்தை மட்டும் சொல்கிறேன். இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டில் உருண்டையாக ஒரு எலும்பு எழும்பி நிற்கிறது, அதன் நிழல்கூட விழுந்திருக்கிறது. இன்னொன்று, அந்த எலும்பைத் தாண்டி முழங்கைப் பக்கம் போகப் போகக் கை வேகமாகப் பருக்கிறது. மணிக்கட்டு ஒல்லியாக இருந்தாலும் முன்கை அப்படி இல்லை, ஏதோ விளையாடுகிறீர்கள் போலிருக்கிறது.

இப்படிக் கூம்பு மாதிரி இருக்கும் கையில் என்ன நடக்கும் என்றால், ஸ்ட்ராப் ஒரு வளையம், அதன் இரண்டு விளிம்பும் ஒரே சுற்றளவு. கையோ முழங்கைப் பக்கம் பெருத்தும் உள்ளங்கைப் பக்கம் சிறுத்தும் இருக்கிறது. ஒரு விளிம்பு இறுகும்போது மறு விளிம்பு தளர்ந்து நிற்கும். ஸ்ட்ராப் எவ்வளவு அகலமோ அவ்வளவு இந்த வித்தியாசம் கூடும். கொஞ்சம் தளர்வாகக் கட்டினால் வாட்ச் சரிந்து வந்து அந்த எலும்பில் முட்டி நிற்கும். நாள் முழுக்க அதே இடத்தில் உரசி, மாலையில் சிவந்த தடம் தெரியும். கையை நீட்டிப் பாருங்கள், இப்போதே பழைய ஸ்ட்ராப்பின் வெளிறிய தடம் எலும்புக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும். உங்கள் படத்தில் அது எலும்புக்கு மேல், முழங்கைப் பக்கம் இருக்கிறது. அது நல்ல இடம், அங்கேயே இருக்கட்டும்.

அதனால் லக் பக்கம் 20 மி.மீ. இருந்து பக்கிள் பக்கம் 16-ஆகக் குறுகும் ஸ்ட்ராப் உங்களுக்குச் சரி. 38 மி.மீ. வாட்ச்சில் லக் இடைவெளி 18 ஆக இருந்தால் இன்னும் நல்லது. கடைசி வரை ஒரே அகலத்தில் போகும் 22 மி.மீ. ஸ்ட்ராப் இந்தக் கையில் விளிம்பு தூக்கியே நிற்கும். பதப்படாத தடித்த லெதரும் வேண்டாம். அது வளைய மறுக்கும், ஒல்லிக் கையின் ஓரத்தில் இடைவெளி விழும். புது லெதர் எதுவும் முதல் வாரம் அப்படித்தான் இருக்கும், ஆனால் 2 மி.மீ. கனமுள்ளது சீக்கிரம் படியும், 4 மி.மீ. கனமுள்ளது மாதக்கணக்கில் அடம்பிடிக்கும்.

நீளம் என்பதை யாரும் கேட்பதே இல்லை, ஆனால் ஒல்லிக் கைக்கு அதுதான் பெரிய விஷயம். வழக்கமாகக் கடையில் தொங்கும் ஸ்ட்ராப்பில் பக்கிள் துண்டு 75 மி.மீ., ஓட்டைத் துண்டு 115 மி.மீ. அளவில் இருக்கும். உங்கள் கையின் சுற்றளவு 15.5 செ.மீ. இருக்கலாம் என்பது என் ஊகம். அகலம் 54 இருக்கும் கைகளில் 15-உம் பார்த்திருக்கிறேன், 16.5-உம் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் கையின் கனம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு காகிதத் துண்டைச் சுற்றிக் குறி வைத்து, விரித்து அளந்துவிடுங்கள். 15.5 என்றே வைத்தால், அதில் 4 செ.மீ. வாட்ச்சே எடுத்துக்கொள்ளும். ஸ்ட்ராப் சுற்ற வேண்டியது 11.5 செ.மீ. அதன் நடு 57 மி.மீ.யில் வருகிறது. பக்கிள் அங்கே இருந்தால்தான் உள்மணிக்கட்டின் நடுவில் நிற்கும். 75 மி.மீ. துண்டு அதைத் தாண்டி ஏறக்குறைய 2 செ.மீ. போய்விடும். இடது கையில் கட்டினால் அது நகர்வது பெருவிரல் பக்கம், நாடி பார்க்கும் இடத்தை நோக்கி. அங்கே பக்கிள் அழுத்தினால் எரிச்சலாக இருக்கும். வாட்ச்சும் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சரியும். மறுபுறம், ஓட்டைத் துண்டில் முதல் ஓட்டைக்கே போய், மிச்சம் ஏழு சென்டிமீட்டர் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாட்ச் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் பலருக்கு நான் செய்தது ஸ்ட்ராப்பை 65-க்கு 105 என்ற குட்டை அளவுக்கு மாற்றியது மட்டும்தான். நடு ஓட்டையிலோ அதற்கு ஒன்று முன்போ பக்கிள் விழுந்தால் நீளம் சரி.

செயின் போடலாமா என்றால், போடலாம், ஆனால் ஒன்றைச் சோதித்துவிட்டு. வாட்ச்சைக் கையில் பிடித்துச் செயினைத் தொங்கவிடுங்கள். கேஸை ஒட்டியிருக்கும் முதல் கண்ணி லக் நுனியிலிருந்தே நேராகக் கீழே மடங்குகிறதா, அல்லது லக்கைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு அதற்கப்புறம் மடங்குகிறதா? இரண்டாவது வகை என்றால் உங்கள் 46 மி.மீ. வாட்ச் கையில் 50, 51 ஆகிவிடும். லெதரில் அழகாகப் படுத்த அதே வாட்ச் செயினில் பெரிதாகத் தெரிவதற்கு இதுதான் காரணம், செயினின் பளபளப்பு அல்ல. கேஸோடு ஒட்டி வளைந்து வரும் ரப்பர் ஸ்ட்ராப்களிலும் சிலது இப்படித்தான் நீட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் முன்கையில் ரோமமும் கொஞ்சம் அடர்த்தி. கண்ணி தளர்ந்த பழைய செயின் அதைப் பிடித்து இழுக்கும், நெருக்கமாகச் செய்த புதுச் செயின் பெரும்பாலும் இழுக்காது.

நைலான் ஸ்ட்ராப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது பரிந்துரைப்பார்கள். ஒரே துண்டாக வாட்ச்சின் அடியில் ஓடும் வகையில் துணி கேஸுக்கும் கைக்கும் நடுவே புகுவதால் வாட்ச் எழும்பும். இரண்டு அடுக்கு ஓடினால் 2 மி.மீ.க்கு மேல் உயரும். 11 மி.மீ. உயரமுள்ள உங்கள் 38-க்கு அது தாங்கும், 42-க்குத் தாங்காது.

படத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாதது, உங்கள் கை ஒரு நாளில் எவ்வளவு வீங்கி வற்றுகிறது என்பது. வெயிலில் நடந்தாலோ உடற்பயிற்சி செய்தாலோ சுற்றளவு கொஞ்சம் கூடும், காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது குறையும். ஸ்ட்ராப்பில் ஓட்டைக்கு ஓட்டை 6, 7 மி.மீ. இடைவெளி. சிலருக்கு ஒரு ஓட்டையில் இறுக்கம், அடுத்த ஓட்டையில் தளர்வு என்று நடுவில் மாட்டிக்கொள்ளும். உங்களுக்கு அப்படி ஆனால் இரண்டு ஓட்டைக்கு நடுவே புதிதாக ஒன்று போட்டுத் தருவார்கள், ஒரு நிமிட வேலை. கத்தரிக்கோல் நுனியால் நீங்களே குத்தாதீர்கள். வட்டமாக இல்லாத ஓட்டை பக்கிள் நாக்கு இழுத்து இழுத்துக் கிழிந்துவிடும்.